ரெண்டு திரவம் கலந்தா எத்தனை டிகிரியில கொதிக்கும்?

இந்த வார எபிசோடுல டிஸ்டிலேஷன் பத்திப் பேசினப்போ "லீவர் ரூல்"னு ஒரு பேர் வந்துச்சு. அதைக் காதால கேட்டுப் புரிஞ்சுக்கிறது கஷ்டம். ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க, வரைஞ்சுகிட்டே படிக்கலாம்.

நான் எடுத்துக்கிற ஜோடி பென்சீனும் டொலுயீனும். வீட்டுல தொடவே கூடாத சாமான், பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும். ஆனா இந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. ரெண்டு மூலக்கூறும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறதால, பக்கத்துல இருக்கிறது யாருன்னு பெருசா கண்டுக்காது. அப்படிப்பட்ட கலவையைத்தான் 'இலட்சியக் கலவை'ன்னு சொல்றாங்க.

சாதாரண காற்றழுத்தத்துல சுத்தமான பென்சீன் 80.1 டிகிரி செல்சியஸ்ல கொதிக்கும், டொலுயீன் 110.6ல. ரெண்டையும் மோல் கணக்குல பாதிப் பாதி கலந்து சூடாக்கினா, சுமார் 92 டிகிரியில முதல் குமிழி வரும். அந்தக் குமிழிக்குள்ள பென்சீன் பாதி இல்ல, 71 சதவீதம். சீக்கிரம் ஆவியாகிறதுதான் முதல்ல கிளம்பும், இல்லையா? அதனால மிச்சத் திரவத்துல டொலுயீன் கூடும், கொதிக்கிற வெப்பநிலையும் ஏறும். ஆவியை வெளியே விடாம, அழுத்தம் மாறாத ஒரு மூடிய பாத்திரத்துல வச்சிருந்தா, கடைசித் துளி ஆவியாகும்போது 99 டிகிரி ஆகியிருக்கும். ஆக, இந்தக் கலவைக்குக் கொதிநிலைன்னு ஒரே ஒரு எண் கிடையாது. 92ல இருந்து 99 வரைக்கும் ஒரு பயணம்.

இப்போ படம். கீழ்க்கோட்டுல பென்சீனோட மோல் பங்கு, இடது ஓரம் 0, வலது ஓரம் 1. நிமிர்ந்த கோட்டுல வெப்பநிலை. முதல் குமிழி வர்ற புள்ளிகளைச் சேர்த்தா கீழ் வளைவு, அது திரவத்தோடது. கடைசித் துளி மறையிற புள்ளிகளைச் சேர்த்தா மேல் வளைவு, அது ஆவியோடது. ரெண்டும் ஓரங்கள்ல ஒட்டிக்கிட்டு, நடுவுல ஒரு வாழைப்பழம் மாதிரி வீங்கியிருக்கும். அந்த வீக்கத்துக்குள்ள நீங்க நின்னா, பாத்திரத்துல திரவமும் ஆவியும் சேர்ந்தே இருக்கு.

நம்ம பாதிப் பாதிக் கலவையை 95 டிகிரியில நிறுத்துவோம். அந்த உயரத்துல ஒரு படுக்கைக் கோடு போடுங்க. அது கீழ் வளைவை 0.40ல தொடும், மேல் வளைவை 0.63ல தொடும். அதாவது பாத்திரத்துல இருக்கிற திரவத்துல பென்சீன் 40 சதவீதம், ஆவியில 63. சரி, எவ்வளவு திரவம், எவ்வளவு ஆவி?

இங்கதான் லீவர். அந்தக் கோட்டை ஒரு சீசாவா நினைச்சுக்கோங்க. ஒரு முனையில திரவம், மறுமுனையில ஆவி, தாங்குற புள்ளி நம்ம மொத்தக் கலவையான 0.50. திரவத்தோட பக்கம் கை நீளம் 0.10, ஆவியோட பக்கம் 0.13. சீசாவுல குட்டைக் கைப் பக்கம் உக்காந்திருக்கிறவர்தான் கனமானவர், அதனால திரவம்தான் அதிகம். ஆவியோட பங்கு கண்டுபிடிக்க, எதிர்ப் பக்கத்துக் கையை மொத்த நீளத்தால வகுக்கணும்:

0.10 ÷ 0.23 = 0.43

100 மோல் போட்டிருந்தா 43 மோல் ஆவி, 57 மோல் திரவம். பலர் தன் பக்கத்துக் கையையே வகுத்துட்டு, விடையைத் தலைகீழா எழுதுவாங்க. சரிபார்க்க ஈஸியான வழி இருக்கு: உங்க புள்ளி எந்த வளைவுக்குக் கிட்ட இருக்கோ, அந்த நிலைதான் அதிகம். இல்லன்னா பென்சீனை எண்ணிப் பாருங்க. 43 × 0.63 சுமார் 27, 57 × 0.40 சுமார் 23. கூட்டினா 50, போட்டதும் அதுதான்.

இதுல ஒரு குழி இருக்கு, நிஜமாவே ஆபத்தான குழி. "பாதிப் பாதி"ன்னு சொன்னதும் ஒருத்தர் 50 கிராம், 50 கிராம் ஊத்திட்டார்னு வைங்க. பென்சீன் ஒரு மோல் 78 கிராம், டொலுயீன் 92. அப்போ பென்சீனோட மோல் பங்கு 0.50 இல்ல, 0.54. சின்ன வித்தியாசம் மாதிரித்தான் தெரியுது. அதே 95 டிகிரியில திரும்பக் கணக்குப் போட்டா ஆவி 43 சதவீதத்துல இருந்து 60க்கும் மேல போயிடும். 43ஐ நம்பி ஆவிக் குழாய் டிசைன் பண்ணின இன்ஜினியரை யோசிச்சுப் பாருங்க. மோல்ல வரைஞ்ச படம்னா மோல்லதான் கணக்கு.

எத்தனாலும் தண்ணியும் எடுத்தா இந்த வாழைப்பழம் உடைஞ்சுபோகும், அது இலட்சியக் கலவை இல்ல. எத்தனால் எடையில சுமார் 95.6 சதவீதம் வர்ற இடத்துல ரெண்டு வளைவும் ஒண்ணையொண்ணு தொட்டுக்கும். அந்தப் புள்ளியைத் தவிர மத்த இடத்துல எல்லாம் லீவர் ரூல் அங்கயும் அப்படியே வேலை செய்யும், ஏன்னா அது போட்டதும் இருக்கிறதும் சமம்ங்கிற கணக்கு மட்டும்தான். ஆனா அந்தத் தொடுபுள்ளியில திரவத்துக்கும் ஆவிக்கும் ஒரே கலவை, சீசாவோட நீளம் பூஜ்யம். அதனாலதான் சாதாரணமா எத்தனை தடவை காய்ச்சி வடிச்சாலும் சுத்த எத்தனால் கிடைக்கிறதில்ல.