ஷட்டர் எழுத்தைப் படியெடுத்தல்

கடையின் இரும்பு ஷட்டரில் எனாமல் பெயின்டால் எழுதியவை கடை மூடியிருக்கும்போதுதான் கண்ணில் படும். திறக்கும் நேரம், விடுமுறை நாள், போன் எண் ஆகியவை அங்கே இடம்பெறுவது அதனால்தான். பூட்டிய கடைக்கு முன் வந்து நிற்பவருக்குத் தேவையான செய்திகள் இவை. ஒரே ஷட்டரில் பல ஆண்டுகளில், பல கைகள், பல வண்ணங்களில் எழுதியிருப்பதும் உண்டு. ஊர் வரலாற்றைப் பதிவு செய்வோர் இதைப் படியெடுக்கும்போது இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்பது ஒன்று. எது முதலில் எழுதப்பட்டது, எது பின்னால் சேர்ந்தது என்பது மற்றொன்று.

எழுத்து எங்கே சிதைகிறது என்பதை ஷட்டரின் அமைப்பே தீர்மானிக்கிறது. வளைந்த தகரப் பட்டைகள் ஒன்றோடொன்று கோத்து ஷட்டர் ஆகிறது. அதைச் சுருட்டும்போது பட்டைகள் உரசுகின்றன. ஆகவே பட்டையின் மேட்டில் பெயின்ட் தேய்ந்துபோகும், இடுக்கில் தங்கிவிடும். 3-க்கும் 8-க்கும், 1-க்கும் 7-க்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் ஒரு சிறு கோட்டில்தான் இருக்கிறது. அந்தக் கோடு மேட்டில் விழுந்திருந்தால் எண்ணே மாறிவிடும். தமிழ் எழுத்துகளில் முதலில் உதிர்வது புள்ளி. தடித்த கோடுகளைவிட அது சிறியது என்பதே காரணம்.

முதல் வேலை படம் எடுப்பது. ஷட்டரை முழுவதும் இறக்கி, அதன் நடு உயரத்தில் கேமராவை வைத்து, நேர் எதிரே நின்று ஒரு படம். பிறகு காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் இன்னொன்று. நேர்வெளிச்சத்தில் வண்ணம் தெரியும். பக்கவெளிச்சத்தில் பெயின்டின் தடிப்பு தெரியும். மேலே பூசிய எழுத்துக்குக் கீழே பழைய எழுத்தின் விளிம்பு புடைத்திருப்பதை இரண்டாவது படமே காட்டும். படத்தை மட்டும் நம்பாமல், ஷட்டரின் முன் நின்றே ஒருமுறை எழுதிக்கொள்வதும் அவசியம். அழுக்கா பெயின்டா என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அடுத்தது குறியீடுகள். கல்வெட்டுகளையும் பழஞ்சுவடிகளையும் பதிப்பிக்க அறிஞர்கள் 1931-இல் லெய்டன் நகரில் ஒரு பொது முறையை வகுத்தார்கள். அதில் சதுர அடைப்புக்குள் இருப்பது, அழிந்துபோய்ப் பதிப்பாளர் நிரப்பியது. ஐயமான எழுத்தின் கீழ் ஒரு புள்ளி வைப்பது அந்த முறை. தமிழில் புள்ளியே எழுத்தின் உறுப்பு என்பதால், கேள்விக்குறி இட்டுக்கொள்வது தெளிவு. ஷட்டருக்கு இந்த இரண்டு குறிகளும் வரி எண்ணும் ஏறக்குறையப் போதும்.

சென்னையில் ஒரு கைக்கடிகாரக் கடையின் ஷட்டரை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். முதலில் நீல வண்ணத்தில் எழுதியிருக்கிறது. பிறகு கருப்பில் சில சேர்க்கைகள். கடைசியாக, பெயின்டர் அல்லாத ஒருவர் கை, சிவப்பில் ஓர் அறிவிப்பு. படி இப்படி அமையும்:

முதல் அடுக்கு (நீலம்)
1. வாட்ச் ரிப்பேர்
2. காலை 9.30 – 1.30
3. மாலை 4 – 8(?).30
4. ஞாயிறு விடுமுரை
5. போன் : 4××××17

இரண்டாம் அடுக்கு (கருப்பு)
5. எண்ணின் முன்னால் : 2
6. செல் : 98××××××17

மூன்றாம் அடுக்கு (சிவப்பு, வரி 3-இன் மேல் தொடங்குகிறது)
7. 31.3 முதல் கடை
8. மூடப்ப[டும்]

நேரத்தைக் குறிக்கும் வரிகளில் 9.30 என்பது ஒன்பதரை மணி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதை 9:30 என்று மாற்றக் கூடாது. ஷட்டரில் இருப்பது புள்ளிதான். நான்காம் வரியில் ‘விடுமுரை’ என்று இடையின ரகரம் இருந்தால் படியிலும் அதுவே இருக்க வேண்டும். சரியான வடிவம் அடிக்குறிப்பில் வரலாம். மூன்றாம் வரியின் 8-ஐச் சிவப்புக் கோடு மூடியிருக்கிறது. பக்கவெளிச்சத்தில் அதன் விளிம்பு மட்டும் புடைத்துத் தெரிகிறது. அது அழிந்துபோன எழுத்து அல்ல, மங்கலாகத் தெரியும் எழுத்து. எனவே அடைப்பு இல்லை, கேள்விக்குறி மட்டும்.

ஐந்தாம் வரியே இந்த ஷட்டருக்குக் காலம் சொல்கிறது. நீல எண் ஏழு இலக்கம். அதன் முன்னால் கருப்பில், இடம் போதாமல் ஒடுங்கி நிற்கிறது ஒரு 2. சென்னையின் தரைவழி போன் எண்கள் ஏழு இலக்கமாக இருந்து, 2000-களின் தொடக்கத்தில் முன்னால் 2 சேர்ந்து எட்டாயின. ஆகவே நீல எழுத்து அந்த மாற்றத்துக்கு முந்தியது, கருப்பு பிந்தியது. படியெடுப்பவர் இரண்டையும் சேர்த்து எட்டு இலக்க எண்ணாக எழுதிவிட்டால், அழைப்பதற்கு அது சரியான எண்ணே. ஆனால் காலம் காட்டும் சான்று காணாமல் போய்விடும். எழுதாத 044-ஐச் சேர்ப்பதும் இதே வகைப் பிழை. கைபேசி எண் 98 என்று தொடங்குவதிலிருந்து கிடைப்பது குறைவு. 2000-களின் பிற்பகுதி வரை கைபேசி எண்கள் 9-இல்தான் தொடங்கின. 8, 7, 6 பிறகு வந்தவை. 7-இல் தொடங்கும் எண் இருந்தால் எழுத்து பிந்தியது என்று உறுதியாகச் சொல்லலாம். 9-இல் தொடங்கினால் பழையது என்று சொல்ல முடியாது, ஏனெனில் பழைய எண்ணை ஒருவர் இருபது ஆண்டுகளும் வைத்திருப்பார்.

மூடல் அறிவிப்பில்தான் கை தவறுவது எளிது. ‘மூடப்ப’ வரை தெளிவு. அதற்குமேல் பெயின்ட் உதிர்ந்திருக்கிறது. ஷட்டர் மூடியே கிடக்கிறது என்பதால் ‘மூடப்பட்டது’ என்று நிரப்பத் தோன்றும். ஆனால் உதிர்ந்த இடத்தில் ஒரு புள்ளி தப்பியிருக்கிறது. அது இரண்டாவது எழுத்தின் மேல் நிற்கிறது. ‘மூடப்பட்டது’, ‘மூடப்பட்டுள்ளது’ இரண்டிலும் புள்ளி ‘ப’வை அடுத்த ‘ட்’டின் மேல் வர வேண்டும். இரண்டாம் இடத்தில் புள்ளி வருவது ‘மூடப்படும்’ என்பதில்தான். இடைவெளியின் அகலமும் அந்த இரண்டு எழுத்துக்கே போதுமானது. ஆக, இது கடை மூடிய பின் எழுதியது அல்ல. மூடப்போவதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டிச் சொன்னது. எழுதியபோது கடை நடந்துகொண்டிருந்தது.

அறிவிப்பில் இல்லாதவையும் கவனிக்கத் தக்கவை. ஆண்டு இல்லை. காரணம் இல்லை. நிரந்தரமாகவா, சில காலத்துக்கா என்றும் இல்லை. 31.3 நிதியாண்டின் கடைசி நாள் என்பதால், கணக்கு முடித்துக் கடையை விட்டிருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. அந்த ஊகம் குறிப்புரையில் வரலாம். படிக்குள் நுழையக் கூடாது. பழைய நேரத்தை அழிக்காமல் அதன் மேலேயே அறிவிப்பை எழுதியிருப்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஷட்டர் இரண்டு விதமாகவும் பேசுகிறது. எது பிந்தியது என்பதை வண்ணத்தின் அடுக்கே சொல்கிறது.

படி முடிந்ததும், எழுதியவரல்லாத இன்னொருவர் அதைப் பார்க்காமல் ஷட்டரையோ படத்தையோ படித்துத் தனியாக ஒரு படி எடுக்க வேண்டும். இரண்டும் வேறுபடும் இடங்களில் கேள்விக்குறி சேரும். அச்சிடும்போது போன் எண்களின் நடு இலக்கங்களை × இட்டு மறைப்பது நல்லது. கடை போன பின்பும் அந்த எண் யாரோ ஒருவருடையது. × என்பது மறைத்த இலக்கம், அழிந்த இலக்கம் அல்ல என்று படியின் தலைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். முழு எண் மூலப் பதிவில் மட்டும் இருக்கும்.