படவிளக்கம் எழுதுதல்

கோர்படியில் வாழும் நீங்கள் மூவர் ஆகாகான் அரண்மனைக்குச் சென்று, கஸ்தூரிபா, மகாதேவ தேசாய் ஆகியோரின் சமாதிகள் முன் நின்று படம் எடுத்துக்கொண்டதாகக் கொள்வோம். அதன்கீழ், ‘கஸ்தூரிபா சமாதியில் நண்பர்கள், 1944’ என எழுதினால் என்ன பிழை?

கஸ்தூரிபா அங்குச் சிறைவைக்கப்பட்டிருந்தபோது மறைந்த ஆண்டு 1944. படமோ அவ்வாண்டில் எடுக்கப்பட்டதன்று. விளக்கத்தில் படம் எடுத்த நாளே வேண்டும். காந்தியடிகளின் செயலாளராகிய தேசாய் 1942இல் அங்கேயே மறைந்தவர். அவர் பெயர் விடுபட்டுள்ளது. ‘நண்பர்கள்’ என்னும் சொல்லோ, பத்து ஆண்டுகளுக்குப்பின் உங்களுள் யாரையும் அடையாளம் காட்டாது.

பெயர்களை இடமிருந்து வலமாக எழுதுக. இடம் என்பது படத்தைப் பார்ப்பவரின் இடக்கைப் பக்கம். படத்தில் நிற்பவரின் இடக்கைப் பக்கம் அன்று. பலர் தடுமாறுவது இங்கேதான். ஆகவே, நின்ற வரிசையை நினைவிலிருந்து எழுதாது, படத்தைப் பார்த்தே எழுதுக. வழிப்போக்கர் ஒருவரும் படத்தில் இருப்பின், ‘பெயர் அறியப்படவில்லை’ என்க, ஊகித்துப் பெயரிடற்க.

திருந்திய விளக்கம்: ‘கஸ்தூரிபா, மகாதேவ தேசாய் சமாதிகள்முன், இடமிருந்து வலமாக: ______, ______, ______. ஆகாகான் அரண்மனை, புனே. நாள்: ______.’