தாளில் விடுபட்ட மூன்று இலக்கங்கள்

தை மாதத்தில் வயல்காரர் ஒருவர் தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். இருபத்தைந்து நாட்கள் கழித்து வரும் ஒரு திகதிக்கு நேரே மழைமேகப் படம் இருந்தது. “அண்டைக்கு வெட்டு மெசினுக்குச் சொல்லலாமோ?” என்று கேட்டார். அந்தப் படத்தை நம்பவேண்டாம் என்றேன். அதற்கு அவரிடம் சொன்ன காரணத்தையே இங்கே எழுதுகிறேன்.

1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் எட்வர்ட் லோரன்ஸ் என்ற வளிமண்டலவியலாளர், சில சமன்பாடுகளால் ஆன ஒரு எளிய வானிலையைக் கணினியில் ஓடவிட்டிருந்தார். அதில் ஒரு பகுதியை மறுபடி பார்க்க விரும்பி, முன்பு அச்சாகிய தாளிலிருந்து எண்களை எடுத்துப் பதிந்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார். ஒரு மணிநேரம் கழித்து வந்தபோது கணினி இரண்டு மாத வானிலையைக் கணித்து முடித்திருந்தது. தொடக்கம் பழையபடியே இருந்தது. முடிவோ பழையதோடு ஒட்டவே இல்லை.

கணினி பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். பழுது ஒன்றும் இல்லை. கணினியின் நினைவகத்தில் 0.506127 என்று இருந்த எண், இடத்தை மிச்சப்படுத்த, தாளில் 0.506 என்று அச்சாகியிருந்தது. அவர் பதிந்தது தாளில் இருந்ததை.

அந்த வித்தியாசம் ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்கு. அவருடைய வானிலையில் பிழை சுமார் நான்கு நாட்களுக்கு ஒருமுறை இரட்டித்தது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பன்னிரண்டாம் முறை இரட்டிக்கும்போது 4096 மடங்கு. அதற்கு 48 நாட்கள் போதும். அதன்பின் பிழையும் வானிலையும் ஒரே அளவு.

அப்படியானால் இன்னும் துல்லியமாக அளந்தால் என்ன? பிழையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் லோரன்ஸின் கணினியில் கிடைப்பது பதின்மூன்று நாட்கள் மட்டுமே. உண்மையான வானம் இன்னும் கடினமானது. ஒரு இடிமேகத்தின் அளவிலான பிழை நாட்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் வளர்கிறது. எனவே நுணுக்கமாக அளக்க அளக்கக் கிடைக்கும் இலாபம் சுருங்கிக்கொண்டே போகும். ஒரு குறித்த நாளின் மழையைச் சொல்வதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம்தான் எல்லை என்பது இதனால்தான்.

பிரேசிலில் வண்ணத்துப்பூச்சி சிறகடித்தால் டெக்சாசில் சுழற்காற்று எழுமா என்பது 1972இல் லோரன்ஸ் ஆற்றிய உரையின் தலைப்பு. அது ஒரு கேள்வி. பூச்சிதான் புயலை உண்டாக்குகிறது என்று பலர் அதைத் தவறாக எடுத்துக்கொண்டார்கள்.

இன்று ஐரோப்பிய வானிலை மையம் தொடக்க எண்களை வேண்டுமென்றே சிறிது சிறிதாக மாற்றி, ஐம்பது தடவைக்கு மேல் கணிக்கிறது. விடைகள் ஒன்றாகப் போனால் நம்பலாம். சிதறினால், அந்தச் சிதறலே நமக்கான எச்சரிக்கை. கைத்தொலைபேசியின் மேகப் படம் இதைக் காட்டுவதில்லை.

“அப்ப எப்ப பாக்கிறது?” என்றார் அவர்.

“வெட்டுக்கு ஐந்து நாள் இருக்கேக்க பாருங்கோ, பிறகு ஒவ்வொரு நாளும் பாருங்கோ” என்றேன்.

மெசின்காரரிடம் திகதியைப் பிறகு சொல்வதாகச் சொல்லிவிட்டார். அவர் அதற்குச் சம்மதித்தாரா என்று நான் இன்னும் கேட்கவில்லை.