படியின் நீளத்தைத் தானே திருத்திக்கொள்ளும் கணக்கு

ஒரு பொருள் எந்த வேகத்தில் மாறுகிறது என்பதைச் சொல்லும் வகைக்கெழுச் சமன்பாட்டைக் கணினி தீர்க்கும்போது, முழு விடையும் ஒரே தாவலில் கிடைத்துவிடுவதில்லை. இப்போதைய நிலையிலிருந்து சாய்வைக் கணக்கிட்டு, அந்தத் திசையில் சிறிது நேரம் முன்னே போய், அங்கே மறுபடி சாய்வைக் கணக்கிட்டு, இப்படிப் படிப்படியாகவே கணினி நகர்கிறது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பிழை சேரும். படி நீளமானால் பிழை பெருகும். குறுகினால் வேலை பெருகும். எவ்வளவு நீளம் போதும் என்பதுதான் கேள்வி.

ஒரே நீளத்தை முதலிலேயே முடிவு செய்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹாலி வால்நட்சத்திரம் நல்ல எடுத்துக்காட்டு. சூரியனைச் சுற்றிவர அதற்கு ஏறத்தாழ 76 ஆண்டுகள் ஆகின்றன. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தை ஓர் அலகாகக் கொண்டால், அது சூரியனிடமிருந்து 0.59 அலகு வரை நெருங்கி வந்து, 35 அலகு வரை விலகிப் போகும். நெருங்கும்போது அதன் வேகம் நொடிக்கு 54 கிலோமீட்டர் அளவில் இருக்கும். தொலைவில் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. சூரியனின் ஈர்ப்பு இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே ஏறத்தாழ 3,500 மடங்கு மாறுகிறது.

ஒரு நாளுக்கு ஒரு படி என்று வைத்தால், சூரியனருகே அந்த ஒரு நாளில் வால்நட்சத்திரம் 47 லட்சம் கிலோமீட்டர் ஓடி, பாதையும் கண்கூடாக வளைந்துவிடும். மணிக்கு ஒரு படி என்று குறைத்தால் 76 ஆண்டுகளுக்கு ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் வேண்டும். அவற்றில் மிகப் பெரும்பகுதி, பாதை ஏறக்குறைய நேர்கோடாக இருக்கும் தொலைதூர ஆண்டுகளில் வீணாகும். அருகே குறுகியும் தொலைவில் நீண்டும் படிகள் அமைய வேண்டும். எங்கே அருகு, எங்கே தொலைவு என்று யாரும் சொல்லாமலே நிரல் அதைக் கண்டுகொள்ள வேண்டும்.

கண்டுகொள்ள வேண்டுமானால் ஒவ்வொரு படியிலும் எவ்வளவு பிழை நேர்ந்தது என்று தெரிய வேண்டும். சரியான விடை தெரியாதபோது பிழையை எப்படி அளப்பது? ஒரே படியைத் துல்லியம் வேறுபட்ட இரண்டு முறைகளால் எடுத்து, இரண்டு விடைகளின் வித்தியாசத்தைப் பார்ப்பதுதான் வழி. படியைப் பாதியாக்கினால் ஒரு படியில் நேரும் பிழை எத்தனை மடங்கு குறைகிறது என்பதைக் கொண்டு முறைகளை வரிசைப்படுத்துவார்கள். முதல் வரிசை முறையில் அது நான்கில் ஒன்றாகும். இரண்டாம் வரிசையில் எட்டில் ஒன்றாகும். படி போதுமான அளவு சிறியதாக இருக்கையில் உயர்வரிசை விடையின் பிழை மிகச் சிறியது. ஆகவே இரண்டு விடைகளின் வித்தியாசம் ஏறத்தாழ தாழ்வரிசை விடையின் பிழைதான்.

எண்களில் பார்த்தால் இது எளிது. அறையின் வெப்பத்தைவிட 60 டிகிரி சூடான ஒரு பானம் ஆறுகிறது. எந்த நேரத்திலும் அந்த வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு இத்தனை டிகிரி என்ற வேகத்தில் அது குறைகிறது என்று கொள்வோம். தொடக்கத்தில் வேகம் நிமிடத்துக்கு 6 டிகிரி. இரண்டு நிமிடப் படி எடுத்தால், ஆய்லர் முறை இந்த வேகத்தையே கடைசிவரை வைத்துக்கொண்டு 60 − 12 = 48 என்கிறது. இது முதல் வரிசை. ஹாய்ன் முறை ஒரு கணம் நின்று யோசிக்கிறது: 48 டிகிரியில் வேகம் 4.8 ஆகிவிடுமே, ஆக இரண்டின் சராசரியான 5.4ஐ எடுத்துக்கொள்வோம். விடை 60 − 10.8 = 49.2. இது இரண்டாம் வரிசை. வித்தியாசம் 1.2 டிகிரி.

இந்தக் கணக்குக்கு மட்டும் சரியான விடை நமக்குத் தெரியும்: 49.12. ஆய்லரின் உண்மைப் பிழை 1.12; மதிப்பீடு 1.2. விடையே தெரியாமல் செய்த மதிப்பீட்டுக்கு இது நல்ல நெருக்கம்.

ஒரு படியில் 0.1 டிகிரிக்கு மேல் பிழை கூடாது என்பது நம் வரம்பு என்றால், 1.2 அதைப் பன்னிரண்டு மடங்கு மீறிவிட்டது. படி நிராகரிக்கப்படுகிறது, நேரம் நகர்வதில்லை. புதிய நீளத்தைக் குத்துமதிப்பாகத் தேடவும் வேண்டாம். ஆய்லரின் பிழை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், வரம்பைப் பிழையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் போதும்:

```
h_new = 0.9 * h * (tol / err) ** (1/2)
```

இங்கே அது 0.9 × 2 × √(0.1/1.2), அதாவது சுமார் 0.52 நிமிடம். இந்த நீளத்தில் மறுபடி எடுத்தால் ஆய்லர் 56.88, ஹாய்ன் 56.96, வித்தியாசம் 0.08. வரம்புக்குள் இருப்பதால் படி ஏற்கப்படுகிறது. அடுத்த படியின் நீளமும் இதே சூத்திரத்திலிருந்தே வரும். பானம் ஆற ஆற வளைவும் தணிவதால் படிகள் நீளும்: வித்தியாசம் 15 டிகிரிக்கு இறங்கும்போது படி 1.04 நிமிடமாக இரட்டித்திருக்கும்.

சூத்திரத்தில் உள்ள 0.9 ஒரு பாதுகாப்புக் காரணி. மதிப்பீடு தோராயமானது, சரியாக வரம்பையே குறிவைத்தால் பாதிப் படிகள் மயிரிழையில் தவறி, செய்த வேலை வீணாகும். நீளம் ஒரே தாவலில் எவ்வளவு மாறலாம் என்பதற்கும் கடிவாளம் உண்டு. பைத்தானின் SciPy நூலகத்தில் ஒரு படி அதிகபட்சம் பத்து மடங்கு நீளலாம்; குறைந்தால் ஐந்தில் ஒன்றுக்குக் கீழே போகாது. உயர்ந்த வரிசைகளில் வர்க்கமூலத்துக்குப் பதிலாக ஐந்தாம் மூலம் போன்றவை வரும். மற்றபடி ஏற்பாடு இதேதான்.

இரண்டு முறைகளை ஓட்டினால் வேலை இரட்டிப்பாகாதா? ஹாய்ன் முறைக்குத் தேவையான முதல் சாய்வே ஆய்லருக்கும் போதும் என்பதால், மேலே கண்ட கணக்கில் ஆய்லர் இலவசமாகவே கிடைத்தது. உயர்வரிசைகளில் இப்படிப்பட்ட இலவசம் தானாக அமையாது. நான்காம் வரிசை ரூங்கே–குட்டா முறைக்கு ஒரு படிக்கு நான்கு சாய்வுகள் தேவை. ஐந்தாம் வரிசைக்குக் குறைந்தது ஆறு. தனித்தனியே செய்தால் பத்து. சாய்வைக் கணக்கிடுவதே பெரும் செலவாக இருக்கும் பெரிய கணக்குகளில் இது தாங்காது.

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் பணியாற்றிய எர்வின் ஃபெல்பெர்க் 1969இல் வெளியிட்ட அறிக்கையில், ஒரே ஆறு சாய்வுகளை வெவ்வேறு எடைகளில் கூட்டி நான்காம் வரிசை விடையையும் ஐந்தாம் வரிசை விடையையும் பெறும் சூத்திரங்கள் உள்ளன. பத்து ஆறாயிற்று. 1980இல் டோர்மண்ட், பிரின்ஸ் இருவரும் இன்னொரு தொகுதியைத் தந்தார்கள். அதில் சாய்வுகள் ஏழு. ஆனால் ஒரு படியின் கடைசிச் சாய்வே அடுத்த படியின் முதல் சாய்வு, ஆகவே நடைமுறையில் ஆறுதான். ஃபெல்பெர்க்கின் திட்டப்படி நான்காம் வரிசை விடையே அடுத்த படிக்குப் போகும். டோர்மண்ட்–பிரின்ஸ் எண்கள் ஐந்தாம் வரிசை விடையையே எடுத்துக்கொண்டு போவதற்காக, அதன் பிழை சிறுக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை. மதிப்பீடு தாழ்ந்த விடையினுடையது. கையில் எடுத்துச் செல்வதோ உயர்ந்த விடை. தர்க்கப்படி கொஞ்சம் நெருடும் ஏற்பாடுதான். ஆனாலும் நல்ல விடை கையில் இருக்கும்போது மட்டமானதை வைத்துக்கொள்வானேன் என்பதே இன்றைய வழக்கம். MATLAB மென்பொருளின் `ode45`, SciPy நூலகத்தின் `RK45` இரண்டுக்குள்ளும் இருப்பது இந்தத் தொகுதியே.

இந்த ஏற்பாடு ஏமாறும் இடங்களும் உண்டு. மிக மோசமானது, இரண்டு விடைகளும் ஒத்துப்போய் இரண்டுமே தவறாக இருப்பது. ஒரு தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை ஒரு நாள் முழுவதும் கணக்கிடுவதாகக் கொள்வோம். நடுப்பகலில் பத்து நிமிடம் மட்டும் மோட்டார் ஓடும். மற்ற நேரம் மாற்றமே இல்லை. நள்ளிரவிலிருந்து தொடங்கும் நிரலுக்குச் சாய்வு சுழி, பிழை சுழி. ஆகவே படி பத்துப் பத்து மடங்காக நீள்கிறது. சில தாவல்களில் அது பல மணி நேரமாகி, அந்தப் பத்து நிமிடத்தையே தாண்டிப் போய்விடக்கூடும். சாய்வு பார்க்கப்பட்ட இடங்களில் எல்லாம் மோட்டார் ஓய்ந்திருந்ததால் இரண்டு முறைகளும் ஒரே குரலில் சுழி என்கின்றன. எச்சரிக்கை ஏதும் வராது. மட்டம் ஏறவே இல்லை என்ற விடைதான் வரும். இதற்கு மருந்து, படியின் உச்ச நீளத்தைக் கட்டுப்படுத்துவது:

```python
sol = solve_ivp(f, (0, 24), [y0], rtol=1e-6,
                atol=1e-9, max_step=0.1)
```

நேரம் மணியில் இருப்பதால் 0.1 என்பது ஆறு நிமிடம். மோட்டார் ஓடும் நேரம் முன்பே தெரியுமானால், அது தொடங்கும் இடத்திலும் நிற்கும் இடத்திலும் கணக்கை வெட்டி மூன்று துண்டுகளாகத் தீர்ப்பது இதைவிட மேல்.

இரண்டாவது சிக்கலில் விடை சரியாகவே வரும், நேரம்தான் வராது. ஒரு வேதிவினையில் ஒரு பகுதி மில்லிநொடியில் அடங்கிவிடுகிறது, இன்னொரு பகுதி ஒரு மணி நேரம் மெதுவாக நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகமான பகுதி அடங்கிய பின் வளைவு வழுவழுப்பானது. படி நீள வேண்டும். ஆனால் படி 3.3 மில்லிநொடியைத் தாண்டினால் டோர்மண்ட்–பிரின்ஸ் முறையே நிலைகுலைந்து, அடங்கிப்போன பகுதியை மறுபடி ஊதிப் பெருக்கும். பிழை மதிப்பீடு அதைக் கண்டு படியைச் சுருக்கும், பின் நீட்டும், பின் நிராகரிக்கும். ஒரு மணி நேரத்துக்குப் பத்து லட்சம் படிகளுக்கு மேல் ஆகும். இவற்றை விறைப்பான சமன்பாடுகள் என்பார்கள். 1952இல் கர்ட்டிஸ், ஹிர்ஷ்ஃபெல்டர் என்ற இருவர் வேதிவினைகளை ஆராய்ந்தபோது அடையாளம் காட்டிய வகை இது. வரைபடம் வழுவழுப்பாக இருந்தும் படிகள் நுண்ணியதாகவே நீடித்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அப்போது பிழை வரம்பைத் தளர்த்திப் பயனில்லை. SciPy நூலகத்தில் `Radau` அல்லது `BDF` முறைக்கு மாற வேண்டும்.

கடைசியாக, பிழை வரம்பு என்ற சொல்லே தவறான எண்ணத்தைத் தரலாம். அது ஒரு படியின் பிழைக்கு இடும் வரம்பு; முடிவில் வரும் விடையின் பிழைக்கு அல்ல. படிதோறும் சேரும் சிறு பிழைகளைச் சமன்பாடு அணைத்தும் விடலாம், பெருக்கியும் விடலாம். ஆறும் பானம் அணைக்கும். கோளுக்கு அருகே கடந்து போகும் விண்கலத்தின் பாதை பெருக்கும். `ode45`, `RK45` இரண்டும் பயனர் எதுவும் சொல்லாதபோது எடுத்துக்கொள்ளும் ஒப்பீட்டு வரம்பு 0.001. ஆற்றலின் மொத்தம் மாறாத வால்நட்சத்திரக் கணக்கில் அந்த மொத்தத்தை அவ்வப்போது சரிபார்த்தால் பிழை எவ்வளவு சேர்கிறது என்பது தெரிந்துவிடும். அப்படிப்பட்ட கைப்பிடி எதுவும் இல்லாத கணக்குகளில், வரம்பை நூறு மடங்கு இறுக்கி மறுபடி ஓட்டி, இரண்டு ஓட்டங்களிலும் மாறாமல் நிற்கும் இலக்கங்களை மட்டும் நம்புவதே முறை.