புரள முடியாத வளையம்

பட்டுப்புடவைகளுக்கு நடுவே பாட்டி போட்டுவைத்த வெள்ளைப் பாச்சை உருண்டை ஞாபகம் இருக்கிறதா? அது நாப்தலின். 10 கார்பன்களும் 8 ஹைட்ரஜன்களும் கொண்ட தட்டையான மூலக்கூறு. அறுகோண வளையங்கள் இரண்டு ஒரு பக்கத்தைப் பங்குபோட்டுக்கொண்டு ஒட்டி நிற்கும். ஒரு உலோக வினையூக்கியைச் சேர்த்து, அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தினால், ஒவ்வொரு மூலக்கூறும் மேலும் 10 ஹைட்ரஜன்களை ஏற்றுக்கொண்டு C10H18 ஆகிவிடும். இதுதான் டெகலின், நிறமில்லாத ஒரு திரவம். அதைப் பொறுமையாகக் காய்ச்சி வடித்தால் வேடிக்கையான ஒன்று தெரியவரும். ஒரு பகுதி 187 டிகிரியில் கொதிக்கிறது, இன்னொரு பகுதி 196 டிகிரியில். இரண்டுக்கும் சூத்திரம் ஒன்றே. எந்த அணு எதோடு இணைந்திருக்கிறது என்ற வரிசையும் ஒன்றே.

இப்படி இரண்டு டெகலின்கள் இருந்தே ஆகவேண்டும் என்று 1918-இல் எர்ன்ஸ்ட் மோர் என்ற ஜெர்மானியர் காகிதத்தில் காட்டியிருந்தார். 1925-இல் வால்டர் ஹூக்கல் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தெடுத்தார். அதற்கும் முன்னால், 1890-இலேயே, ஹெர்மன் சாக்ஸே என்ற இளைஞர் ஆறு கார்பன் வளையம் தட்டையாக இருக்காது, மடிந்துதான் இருக்கும் என்று எழுதியிருந்தார். அப்போது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1893-இல், 31 வயதில், அவர் இறந்துபோனார்.

சாக்ஸே சொன்ன மடிப்பில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது. ஆறு கார்பன் வளையம் சுகமாக இருக்கும் நிலையைப் பக்கவாட்டில் பார்த்தால் சாய்வு நாற்காலி போலத் தெரியும். ஒரு முனை மேலே தூக்கியிருக்கும், எதிர்முனை கீழே தொங்கும். ஒவ்வொரு கார்பனுக்கும் வளையத்துக்கு வெளியே இரண்டு கைகள். ஒன்று செங்குத்தாக மேலேயோ கீழேயோ நீட்டியிருக்கும். இதற்கு ஆக்சியல் என்று பெயர். மற்றது ஏறக்குறைய கிடைமட்டமாக, வெளிப்பக்கம் பார்த்து நிற்கும். இது ஈக்வடோரியல். அடுத்தடுத்த கார்பன்களில் ஆக்சியல் கைகள் ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று மாறி மாறி வரும்.

இந்த நாற்காலி சும்மா இருப்பதில்லை. தூக்கியிருந்த முனை இறங்கும், இறங்கியிருந்த முனை ஏறும். வளையம் மறுபக்கத்து நாற்காலியாகிவிடும். தனி வளையமான சைக்ளோஹெக்சேனில் சாதாரண அறை வெப்பத்தில் இது நொடிக்கு ஏறத்தாழ லட்சம் முறை நடக்கிறது. ஒவ்வொரு புரளலிலும் செங்குத்துக் கை கிடைக்கையாகும், கிடைக்கை செங்குத்தாகும். பிணைப்பு ஒன்றுகூட அறுவதில்லை.

இப்போது டெகலினுக்கு வருவோம். இரண்டு வளையங்களும் பங்குபோடும் சந்திக் கார்பன்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ரஜன். இரண்டு ஹைட்ரஜன்களும் ஒரே பக்கம் பார்த்தால் அது சிஸ், எதிரெதிர்ப் பக்கம் பார்த்தால் டிரான்ஸ். 196 டிகிரியில் கொதிப்பது சிஸ், 187-இல் கொதிப்பது டிரான்ஸ். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதன் விளைவு பெரிது.

டிரான்ஸ் டெகலினின் இடது வளையத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். அதன் பார்வையில் வலது வளையம் என்பது வெறும் பாலம். ஆறில் இரண்டு கார்பன்கள் பொதுவானவை, மீதி நான்கும்தான் பாலத்தைக் கட்டுகின்றன. பாலத்தின் இரு முனைகளும் சந்திக் கார்பன்களின் கிடைக்கைகளில் பற்றியிருக்கின்றன. செங்குத்துக் கைகளில் ஹைட்ரஜன்கள், ஒன்று மேலே, ஒன்று கீழே. முனைகளுக்கு இடையே சுமார் 3 ஆங்ஸ்ட்ராம் தூரம். நடுவில் இருக்கும் இரண்டு கார்பன்கள் அந்தத் தூரத்தைச் சிரமமில்லாமல் மூடிவிடும்.

இடது வளையம் புரள நினைத்தால் என்ன ஆகும்? கிடைக்கைகள் இரண்டும் செங்குத்தாக வேண்டும். அடுத்தடுத்த கார்பன்களில் செங்குத்துக் கைகள் எதிரெதிர்த் திசை என்று பார்த்தோம். ஆக, பாலத்தின் ஒரு முனை வானத்தைப் பார்க்கும், மறுமுனை பூமியைப் பார்க்கும். இடைவெளி 4 ஆங்ஸ்ட்ராம் பக்கம் போய்விடும். அதைவிடப் பெரிய தொல்லை, முனைகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி நிற்பது. நடுவில் இருக்கும் இரண்டே கார்பன்கள் இந்த இரண்டையும் பிடித்துச் சேர்க்க வேண்டும் என்றால் அந்த வளையத்தின் கோணங்கள் அத்தனையும் சிதைய வேண்டும். அது நடக்காது. ஆகவே இடது வளையம் புரளாது. இதே கணக்கு வலது வளையத்துக்கும் பொருந்தும், அதுவும் புரளாது. பிணைப்பு எதுவும் இங்கே விசேஷ வலிமை கொண்டதில்லை. பாலம் குட்டையாக இருப்பதே பூட்டு.

சிஸ் டெகலினில் பாலத்தின் ஒரு முனை கிடைக்கையிலும் மறுமுனை செங்குத்துக் கையிலும் பற்றியிருக்கிறது. புரண்டால் இரண்டும் இடம் மாற்றிக்கொள்ளும், அவ்வளவே. தூரமும் மாறாது, கோணமும் மாறாது. இரண்டு வளையங்களும் ஒரே சமயத்தில் புரண்டுகொண்டே இருக்கும். இதைக் கருவியில் காணமுடியும். கார்பன் என்.எம்.ஆர். பதிவில் சிஸ் டெகலின் அறை வெப்பத்தில் மூன்று கோடுகளைக் காட்டும். நன்றாகக் குளிரவைத்தால் புரளல் உறைந்து, மூன்று கோடுகள் ஐந்தாகப் பிரியும். டிரான்ஸை எவ்வளவு குளிரவைத்தாலும் மூன்று மூன்றாகவே இருக்கும். உறைவதற்கு அதில் அசைவே இல்லை.

மாணவர்கள் அடிக்கடி இடறும் இடம் ஒன்று உண்டு. வளையம் புரள்வதால் சிஸ் டிரான்ஸாக மாறிவிடாது. அதற்கு ஒரு பிணைப்பை அறுத்து மறுபக்கம் ஒட்டவேண்டும். வினையூக்கியை வைத்து அப்படி மாற விட்டால், டிரான்ஸ் பெருவாரியாக வெல்லும். சிஸில் பாலம் செங்குத்தாக நிற்கும் இடத்தில் ஹைட்ரஜன்கள் முட்டிக்கொள்வதால் அது மோலுக்குச் சுமார் 11 கிலோஜூல் உயரத்தில் இருக்கிறது. அறை வெப்பத்தில் நூற்றுக்கு ஒன்றுதான் சிஸாக மிஞ்சும் என்று கணக்கு.

நாற்காலி வடிவத்தை அளந்து காட்டியவர் ஆஸ்லோவைச் சேர்ந்த ஒட் ஹாசல். வாயுவில் எலக்ட்ரான் கற்றையைச் சிதறவிட்டு அளந்தார். 1943-இல் அவர் நார்வேஜிய மொழியில் எழுதிய கட்டுரையை, ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், வெகு சிலரே படித்தார்கள். அதே ஆண்டு அவரைக் கைது செய்து முகாமில் அடைத்தார்கள். விடுதலையான பின், 1946-இல், சிஸ் டெகலினும் இரண்டு நாற்காலிகளின் சேர்க்கைதான் என்று பஸ்டியான்சனுடன் சேர்ந்து காட்டினார். அதுவரை அது இரண்டு படகு வடிவங்களின் சேர்க்கை என்றே வேதியியலாளர்கள் நினைத்திருந்தார்கள்.

இதைப் படித்த ஆங்கிலேயர் டெரெக் பார்ட்டன், 1950-இல் ஹார்வர்டில் இருந்தபோது, ஸ்டீராய்டுகள் பற்றி நாலைந்து பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். 1969-இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

ஸ்டீராய்டு என்றால் பலருக்கு ஊசியும் மாத்திரையும்தான் நினைவுக்கு வரும். வேதியியலில் அது ஒரு எலும்புக்கூட்டின் பெயர். ஆறு கார்பன் வளையங்கள் மூன்று, கடைசியில் ஐந்து கார்பன் வளையம் ஒன்று, வரிசையாக ஒட்டியிருக்கும். ஏ, பி, சி, டி என்று பெயரிடுவார்கள். ஏ-பி ஒரு டெகலின், பி-சி இன்னொரு டெகலின். நாம் சாதாரணமாகச் சந்திக்கும் ஸ்டீராய்டுகளில் பி-சி சந்தி டிரான்ஸ். அதுவே நடுத்தூண்.

கொலஸ்ட்ராலின் ஆறாம் கார்பன் பக்கத்து இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனை ஏற்றினால் இரண்டு பொருள்கள் வரலாம். இரண்டுக்கும் சூத்திரம் C27H48O. ஐந்தாம் கார்பனில், அதாவது ஏ-பி சந்தியில், ஹைட்ரஜன் கீழ்ப்பக்கம் அமர்ந்தால் சந்தி டிரான்ஸ் ஆகும், பொருள் கொலஸ்டனால். மேல்பக்கம் அமர்ந்தால் சந்தி சிஸ், பொருள் கோப்ரோஸ்டனால். முன்னது நீண்ட பலகை போலக் கிடக்கும். பின்னதில் ஏ வளையம் கிட்டத்தட்ட செங்கோணத்தில் கீழே மடங்கி, ஹாக்கி மட்டையின் நுனிபோல நிற்கும்.

சிஸ் டெகலின் புரளும் என்றோமே, அப்படியானால் கோப்ரோஸ்டனாலின் ஏ-பி பகுதி புரளுமா? புரளாது. சிஸ் புரளவேண்டுமானால் ஏ, பி இரண்டும் சேர்ந்து புரள வேண்டும். பி வளையத்தின் மறுபக்கத்தை டிரான்ஸ் சந்தி பிடித்துவைத்திருக்கிறது. பி அசையாததால் ஏ-வும் அசையாது. ஒரு டிரான்ஸ் சந்தி பக்கத்து சிஸ் சந்தியையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறது. பார்ட்டனின் கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்த விஷயம், இப்படிப் பூட்டிக்கிடக்கும் மூலக்கூற்றில் ஒவ்வொரு கைக்கும் நிரந்தர முகவரி கிடைத்துவிடுகிறது என்பதுதான்.

இரண்டு பொருள்களிலும் மூன்றாம் கார்பனில் ஓர் OH இருக்கிறது. இரண்டிலும் அது மேல்பக்கம். ஆனால் கொலஸ்டனாலில் அது கிடைக்கை, கோப்ரோஸ்டனாலில் செங்குத்துக் கை. ஏ வளையம் மடங்கியதால் அதே 'மேல்' வேறு கையாகிவிட்டது. கிடைக்கை OH திறந்தவெளியில் நிற்பதால் அமிலங்களோடு சேர்ந்து எஸ்டராவது எளிது. செங்குத்து OH-க்கு அதே பக்கம் பார்க்கும் மற்ற செங்குத்து ஹைட்ரஜன்களின் நெருக்கடி உண்டு. எஸ்டராவதில் அது தாமதிக்கும். ஆனால் குரோமிக் அமிலத்தால் ஆக்சிஜனேற்றம் செய்தால் அதுவே முந்தும், கீட்டோனாக மாறும்போது அந்த நெருக்கடியிலிருந்து விடுபடுவதால். தனித்தனியாகப் புதிராகக் கிடந்த இப்படிப்பட்ட வேக வித்தியாசங்களை பார்ட்டன் ஒரே கணக்கில் கொண்டுவந்தார்.

கல்லீரலும் இந்த மடிப்பைப் பயன்படுத்துகிறது. கொலஸ்ட்ராலிலிருந்து அது செய்யும் கோலிக் அமிலத்தில் ஏ-பி சந்தி சிஸ். வளைந்த உடலின் குழிவான பக்கத்தில் மூன்று OH-கள் வரிசையாக நிற்கும், குவிந்த பக்கம் வெறும் கொழுப்புத்தன்மை. ஒரு பக்கம் தண்ணீரோடும் மறுபக்கம் எண்ணெயோடும் ஒட்டுவதால் சாப்பாட்டுக் கொழுப்பைச் சோப்பு போலக் கரைக்கிறது. வேலியோரத்து மஞ்சள் அரளியின் இதயத்தைத் தாக்கும் நஞ்சுக்கும் இதே கூடுதான். அதில் ஏ-பி, சி-டி இரண்டுமே சிஸ், இரு முனைகளும் மடங்கியிருக்கும்.

பூட்டு என்று சொன்னதற்கு எல்லை உண்டு. கொலஸ்ட்ராலில் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் அதன் ஏ-பி சந்தி சிஸும் அல்ல, டிரான்ஸும் அல்ல. பெரிய கூட்டங்கள் செங்குத்துக் கைகளில் முட்டினால் ஓரத்து ஏ வளையம் படகாக நெளியவும் கூடும். டி வளையத்திலிருந்து தொங்கும் வால் எப்போதும் சுதந்திரமாக ஆடிக்கொண்டே இருக்கும்.

குளத்து வண்டலில் மனிதக் கழிவு கலந்திருக்கிறதா என்று தேடும் ஆய்வுக்கூடங்களுக்கும் அந்த ஐந்தாம் கார்பன் உதவுகிறது. நம் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் கொலஸ்ட்ராலில் ஹைட்ரஜனை ஏற்றும்போது மேல்பக்கமாக ஏற்றிக் கோப்ரோஸ்டனாலாக மாற்றுகின்றன. திறந்தவெளி வண்டலில் நடக்கும் மாற்றத்தில் பெரும்பாலும் டிரான்ஸ் சந்தி கொண்ட கொலஸ்டனாலே உருவாகும். வண்டலைக் கரைப்பானில் ஊறவைத்து, கொழுப்பைப் பிரித்து, வாயு நிறப்பகுப்புக் கருவியில் செலுத்தினால் இரண்டும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். முகடுகளின் உயரத்தை ஒப்பிடுவார்கள். சிஸ் முகடு ஓங்கி நின்றால், அந்தக் குளத்துக்கு எங்கிருந்தோ சாக்கடை வந்து சேர்கிறது.