தீபாவளி வளைத்த கோடு

ஜவுளிக்கடையின் விற்பனை மாதத்துக்கு மாதம் ஒரே சீராக இருப்பதில்லை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல், முகூர்த்த நாட்கள் என்று சில மாதங்கள் மட்டும் எகிறி நிற்கும். இந்த எண்களின் ஊடே ஒரு நேர்கோடு இழுத்து, வியாபாரம் வளர்கிறதா தேய்கிறதா என்று பார்ப்பதுண்டு. ட்ரெண்ட்லைன் எனப்படும் அந்தக் கோடு, பண்டிகை மாதம் எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்துத் தலைகீழாகக்கூடப் பேசும்.

சிறு நகரத்துக் கடை ஒன்றின் கணக்கை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். புரிவதற்காக முழு எண்களே போதும். 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் 20 லட்சம் ரூபாய் விற்பனை. தீபாவளி அக்டோபர் 20. அந்த மாதம் 60 லட்சம். நவம்பர் தொடக்கத்தில், “மார்ச்சுல எவ்வளவு போகும்?” என்று முதலாளி கேட்கிறார். கோடைக்குக் காட்டன் சரக்கு ஆர்டர் போட அவருக்கு அந்த எண் வேண்டும். கணக்கர் மாத எண் 1 முதல் 7 வரை A பத்தியிலும், விற்பனையை B பத்தியிலும் போட்டு இரண்டு சூத்திரங்களை அடிக்கிறார். மார்ச் பன்னிரண்டாவது மாதம்.

```
=SLOPE(B2:B8,A2:A8)
=FORECAST(12,B2:B8,A2:A8)
```

முதல் விடை 4.29; அதாவது விற்பனை மாதாமாதம் 4.29 லட்சம் கூடுகிறதாம். இரண்டாவது விடை 60. சாதாரண மார்ச் மாதத்தில் தீபாவளி அளவுக்கு வியாபாரம் நடக்கும் என்கிறது கோடு. ஆறு மாதமாக ஒரு ரூபாய்கூட ஏறாத கடை இது.

கணினி பிழை செய்யவில்லை. கோட்டின் சாய்வைக் கணக்கிடும்போது ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு எடை உண்டு. நடு மாதத்திலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதுவே எடை. ஏழு மாதத்தில் நடு மாதம் ஜூலை, எடை பூஜ்யம். கடைசி மாதமான அக்டோபருக்கு 3. அந்த மாதத்தின் கூடுதல் 40 லட்சத்தை 3-ஆல் பெருக்கினால் 120. எடைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 28. 120-ஐ 28-ஆல் வகுத்தால் அதே 4.29. ஆக, வளர்ச்சி என்று தெரிவது முழுக்க ஒரே மாதத்தின் வேலை. அதே கடைக்கு அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை கோடு இழுத்து, மற்ற மாதங்கள் 20 லட்சமாகவே இருந்தால், சாய்வு மைனஸ் 4.29 ஆகிவிடும், கடையை மூடலாமா என்று யோசிக்க வைக்கும். பண்டிகை நடுவில் விழுந்தால் கோடு சாயாது, சற்று உயர மட்டும் செய்யும்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. சந்தேகப்படும் மாதத்தை எடுத்துவிட்டு மறுபடி கோடு இழுக்க வேண்டும். இங்கே அக்டோபரை நீக்கினால் சாய்வு பூஜ்யம். கோடு சொல்வதையும் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் குட்டு வெளிப்படும்: செப்டம்பருக்குக் கோடு சொல்வது சுமார் 34 லட்சம், விற்றது 20, அக்டோபருக்குச் சொல்வது 39, விற்றது 60.

அப்படியானால் போன வருட அக்டோபரோடு இந்த வருட அக்டோபரை ஒப்பிட்டால் சரியாகிவிடுமா? ஆடி மாதமும் பொங்கலும் சூரிய நாட்காட்டிப்படி வருவதால் அவற்றுக்கு இது ஓரளவு பொருந்தும். தீபாவளியோ அமாவாசையை ஒட்டி வருவது. ஆங்கிலத் தேதி வருடத்துக்கு வருடம் நகரும். 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20, 2026-ல் நவம்பர் 8. பன்னிரண்டு மாத மொத்தம் என்ற பாதுகாப்பான வழிகூட இங்கே சறுக்கும். 2023 நவம்பர் முதல் 2024 அக்டோபர் வரை கூட்டினால் அதில் இரண்டு தீபாவளி. 2025 நவம்பர் முதல் 2026 அக்டோபர் வரை கூட்டினால் ஒன்றுகூட இல்லை. முன்கூட்டியே துணி எடுப்பவர்களின் பில் மட்டும்தான் அதில் சேரும்.

எனவே மாதத்தை விட்டுவிட்டு, தீபாவளிக்கு முந்தைய 30 நாளைத் தனியாக எடுத்து ஒப்பிடுவதே நம்பகமான வழி. பில்லிங் மென்பொருளில் நாள்வாரி விற்பனை இருப்பதால் இதற்குப் பெரிய சிரமமில்லை. மீதி நாட்களுக்குத் தனியாக, ஒரு நாள் சராசரியில் கோடு இழுக்கலாம். நம் கடையின் மார்ச்சுக்கு அந்தக் கோடு சொல்வது 20 லட்சத்தை ஒட்டிய தொகைதான். முகூர்த்தங்கள் கூடுதலாக இருந்தால் அதற்கென்று கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். எவ்வளவு என்பதை ஒரு வருடக் கணக்கு சொல்லாது, குறைந்தது மூன்று வருடப் பேரேடு வேண்டும்.

2026 தீபாவளி விற்பனையை எடைபோட நினைக்கும் கடைக்காரர்கள், அக்டோபர் 9 முதல் நவம்பர் 7 வரையிலான பில்களை 2025 செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 19 வரையிலான பில்களோடு வைத்துப் பார்க்க வேண்டும்.