மில் போடுவதா, தடுப்பதா? 9 காய் இருந்தும் தோற்க வைக்கும் 'நைன் மென்ஸ் மாரிஸ்': எங்கே தப்பு நடக்கிறது?

கையில் 9 காய். எதிராளியிடம் 8 காய்தான். முதல் மில்லையும் நாம்தான் போட்டோம். ஆனாலும் ஒரு காயைக்கூட நகர்த்தும் முன்பே ஆட்டம் முடிந்து, தோற்றது நாம் என்று திரையில் வருகிறது. நைன் மென்ஸ் மாரிஸ் ஆப்பில் புதிதாக ஆடுபவர்கள் பலரும் 'இது என்னடா கணக்கு?' என்று குழம்பும் இடம் இதுதான். ஆப்பில் கோளாறு எதுவும் இல்லை. நகர்த்த வழியில்லாதவர் தோற்றார் என்பது இந்த ஆட்டத்தின் பழைய விதி.

ஆட்டம் எப்படி?

ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரங்கள். நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் இணைக்கும் நான்கு கோடுகள். மொத்தம் 24 புள்ளிகள். ஆளுக்கு 9 காய்கள். முதலில் மாறி மாறி ஒவ்வொரு காயாக வைக்க வேண்டும். எல்லாம் வைத்து முடித்ததும், கோடு வழியே பக்கத்துக் காலிப் புள்ளிக்கு நகர்த்த வேண்டும். ஒரே கோட்டில் மூன்று காய் சேர்ந்தால் அது 'மில்'. மில் போட்டவர் எதிராளியின் காய் ஒன்றை எடுத்துவிடலாம் (மில்லில் இருக்கும் காயைப் பொதுவாக எடுக்கக் கூடாது). மூன்றே காய் மிஞ்சினால் அவை கோடு பார்க்காமல் எங்கே வேண்டுமானாலும் 'பறக்கலாம்'. இரண்டாகக் குறைந்தால் தோல்வி.

இங்கிலாந்தின் பழைய தேவாலயக் கல் இருக்கைகளில்கூட இந்தப் பலகையைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இருபுறமும் பிழையில்லாமல் ஆடினால் ஆட்டம் டிரா என்பதை 1993-ல் சுவிட்சர்லாந்தின் ரால்ஃப் காசர் கணினி மூலம் நிறுவினார். ஆக, இங்கே யாராவது தோற்றால் எங்கேயோ ஒரு தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்தத் தப்பு எப்படி நடக்கிறது?

ஒரு தாளில் பலகையை வரைந்துகொண்டால் இதைப் பின்தொடர்வது சுலபம். மேலிருந்து கீழே வரிவரியாக, இடமிருந்து வலமாக எண் போடுங்கள். வெளிச் சதுரத்தின் மேல் கோடு 1, 2, 3. நடுச் சதுரத்தின் மேல் கோடு 4, 5, 6. உள் சதுரத்தின் மேல் கோடு 7, 8, 9. பலகையின் நடு வரியில் இடப்பக்கம் 10, 11, 12, வலப்பக்கம் 13, 14, 15. பிறகு உள் சதுரத்தின் கீழ்க்கோடு 16, 17, 18, அடுத்து 19, 20, 21, கடைசியாக 22, 23, 24.

இது விளக்கத்துக்காக அமைத்த ஆட்டம். வெள்ளை 1-ல் வைக்கிறது, கறுப்பு 20-ல். வெள்ளை 3-ல் வைத்ததும் 2 காலியாக இருப்பதால் மில் மிரட்டல். கறுப்பு அதைத் தடுக்காமல் 5-ல் வைக்கிறது. வெள்ளை 2-ல் வைத்து மில் போட்டு, 20-ல் இருந்த கறுப்பை எடுத்துவிடுகிறது. இதுவரை வெள்ளைக்கு லாபம்தான்.

ஆனால் அந்த மில்லிலிருந்து வெளியேற எத்தனை வழி என்று எண்ணிப் பாருங்கள். 1-லிருந்து 10, 2-லிருந்து 5, 3-லிருந்து 15. மூன்றே வாசல். 5-ல் கறுப்பு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அடுத்து 15-லும் வைக்கிறது. வெள்ளை 22-ல் வைத்து 1-10-22 மில்லுக்கு மிரட்ட, கறுப்பு 10-ல் வைத்துத் தடுக்கிறது. அவ்ளோதான், மூன்றாவது வாசலும் மூடியாச்சு. மேல் கோட்டில் இருக்கும் மூன்று வெள்ளையும் இனி வெறும் பொம்மைகள்.

ஒரு மில்லின் உண்மையான பலம் திரும்பத் திரும்பத் திறந்து மூடுவதில் இருக்கிறது. ஒரு காயை வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைத்தால் இன்னொரு காய் கிடைக்கும். வாசல் இல்லாத மில் ஒரே ஒரு காயை வாங்கித் தந்துவிட்டு மூன்று காயை முடக்கிவிடுகிறது.

மிரட்டல் போதை

வெள்ளை விடவில்லை. 24-ல் வைத்து 22-23-24-க்கு மிரட்டல். கறுப்பு 23-ல் தடுக்கிறது. வெள்ளை 4-ல் வைக்க, கறுப்பு 8-ல் வைக்கிறது. வெள்ளை 19-ல் வைத்து 4-11-19-க்கு மிரட்டல்; கறுப்பு 11-ல் தடுக்கிறது.

கவனித்தால், வெள்ளை பெரும்பாலும் மூலைகளையே பிடிக்கிறது. மூலைக்கு இரண்டே வழி. 5, 11, 14, 20 ஆகிய நான்கு சந்திப்புகளுக்கு நான்கு வழி. ஒவ்வொரு தடுப்பிலும் நல்ல புள்ளி கறுப்புக்கு இலவசமாகக் கிடைக்கிறது. போதாததற்கு, ஒரு தடுப்புக் காயே இரண்டு மூன்று வெள்ளைக் காய்களுக்குக் குறுக்கே நிற்கிறது. 10-ல் உள்ள கறுப்பு 1-ஐயும் 22-ஐயும் சேர்த்து அடைக்கிறது.

இப்போது 10, 11 இரண்டும் கறுப்பு. 12-ல் வைத்தால் மில். வெள்ளை இதைப் பார்க்காமல் 6-ல் வைக்கிறது. கறுப்பு மில்லை எடுக்காமல் 14-ல் வைக்கிறது. 6-ன் வழி அடைபட்டது, 13-லும் இன்னொரு மில் தயார்.

வெள்ளையின் கடைசிக் காய் 21-ல். நோக்கம் 19-20-21 மில். இது வெறும் மாயை. வைப்பதற்குக் காய் தீர்ந்துவிட்டது. இனி 20-க்குள் நுழைய 17 அல்லது 23-ல் ஒரு வெள்ளைக் காய் வேண்டும். இரண்டிலும் இல்லை. அதே காயை 20-லேயே வைத்திருந்தால் 17, 21 என்று இரண்டு வழி திறந்திருக்கும். நிலைமை மோசம்தான், ஆனால் அந்த இடத்திலேயே தோற்றிருக்காது.

கறுப்பின் கடைசிக் காய்: மில்லா, தடுப்பா?

கறுப்புக்கு மூன்று வாய்ப்பு. 12-ல் வைத்தால் மில், 13-ல் வைத்தாலும் மில். எதைப் போட்டாலும் ஒரு வெள்ளைக் காய் கிடைக்கும். ஆனால் 20 காலியாகவே இருக்கும். 19-ஐ எடுத்தால் 21 நகரும், 21-ஐ எடுத்தால் 19 நகரும். வெள்ளைக்கு மூச்சு வந்துவிடும், ஆட்டம் தொடரும்.

மூன்றாவது வாய்ப்பு 20. அங்கே வைத்தால் காய் எதுவும் கிடைக்காது. ஆனால் இப்போது நகர்த்த வேண்டியது வெள்ளை. ஒன்பது காயையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள், ஒன்றுக்குக்கூட பக்கத்தில் காலிப் புள்ளி இல்லை. காலியாக இருக்கும் 7 புள்ளிகளும் உள் சதுரத்தில். அதற்குள் போகும் பாதை எல்லாம் கறுப்பின் கையில். ஆட்டம் முடிந்தது.

காய் எடுப்பதில் இருக்கும் வில்லங்கம் இதுதான். எடுத்த இடம் காலியாகிறது. எதிராளி நெருக்கடியில் இருக்கும்போது அவர் காயை எடுப்பது, பூட்டிய அறையில் நாமே ஜன்னல் வைத்துக் கொடுப்பது மாதிரி. அவருக்குத் தாராளமாக வழி இருக்கும்போது மில் போடுவது லாபம். ஒன்றிரண்டு வழிதான் மிச்சம் என்றால், மில்லுக்கு முன்னால் அந்த வழியை எண்ண வேண்டும்.

பறக்கும் கட்டம் காப்பாற்றாதா?

காப்பாற்றும், அங்கே போய்ச் சேர்ந்தால். மூன்று காய் இருப்பவரை முடக்கவே முடியாது. ஆனால் நான்கு காய் இருப்பவரை முடக்கலாம். வெள்ளையிடம் 1, 2, 3, 22 மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு 5, 10, 15, 20-ல் நிற்கிறது. 22-லிருந்து 23-க்குப் போகும் ஒரு வழிதான் பாக்கி. கறுப்பு 20-லிருந்து 23-க்கு நகர்ந்தால் வெள்ளைக்குப் பறக்கும் வாய்ப்பே வராது. அதற்குப் பதில் கறுப்பு வேறெங்கோ மில் போட்டு 22-ஐ எடுத்தால் வெள்ளையிடம் மூன்று காய் மிஞ்சும். அடுத்த முறையே வெள்ளை பறந்து வந்து அந்த 23-லேயேகூட உட்காரலாம்.

சில ஆப்களில் பறக்கும் விதியையே அணைத்து வைக்க முடியும். அப்போது மூன்று காயும் முடங்கும். ஆட ஆரம்பிக்கும் முன் செட்டிங்ஸில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.